‘வீச்சு’ என்றால் எங்கிருந்து எங்கே வரை? – கம்பியில் ஓடும் அலைக்கு ஒரு சொல் தேடி

பொருநை:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இழுத்துக் கட்டிய கம்பியில் ஓடும் சைன் அலை எவ்வளவு திறனைக் கொண்டுபோகிறது என்பது கணக்கு. கம்பி மீட்டருக்கு 5 கிராம், இழுவிசை 50 நியூட்டன், ஆகவே அலையின் வேகம் நொடிக்கு 100 மீட்டர். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ‘வீச்சு 4 மி.மீ.’ என்று போட்டிருந்தேன்.

சராசரித் திறன் P = ½ μ ω² A² v. இதில் μ கம்பியின் மீட்டருக்கான நிறை, ω என்பது 2π × அதிர்வெண், v அலையின் வேகம், A வீச்சு. நடுக்கோட்டிலிருந்து முகடு வரை உள்ள தூரத்தையே வீச்சு என்று நான் கொண்டதால் எனக்கு 0.4 வாட் வந்தது. படித்துப் பார்த்த மாணவிக்கு 0.1 வாட். அவள் பெருக்கலில் தவறே இல்லை. பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்தால் வருவதுதான் வீச்சு. அதே நினைப்பில் முகட்டிலிருந்து அகடு வரை 4 மி.மீ. என்று கொண்டு, பாதியாக்கி A = 2 மி.மீ. என்று வைத்திருக்கிறாள். A வர்க்கத்தில் வருவதால் இரண்டு மடங்கு வித்தியாசம் நான்கு மடங்காகிவிட்டது.

‘வீச்சு’க்குப் பதிலாக ‘உச்சவிலகல்’ என்று சொல்லலாமா?

வல்லை:

இலங்கைப் பாடநூல்களில் இது ‘வீச்சம்’. எறியம் போய் விழும் தூரத்துக்குத்தான் ‘வீச்சு’. ஒரு ‘ம்’ சேர்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும், புதுச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம். நாங்கள் திறனை ‘வலு’ என்கிறோம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நறுந்தந்தி:

நான் வீணை வாசிப்பவள். தந்தியை மீட்டியதும் அது மங்கலான ஒரு பட்டை போலத் தெரியும், நடுவில் அகன்று, இரண்டு முனையிலும் ஒடுங்கி. அழுத்தி மீட்டினால் பட்டை அகலும், நாதமும் கூடும். அந்தப் பட்டையின் அகலம்தானே நீங்கள் கேட்பது? ‘அதிர்வகலம்’ என்று வைக்கலாமே.

மணற்கடிகை:

உச்சவிலகலுக்கு என் ஆதரவு. அலையின் ஆற்றல் முகட்டில்தானே குவிந்திருக்கிறது? ஊசல் ஓரத்துக்குப் போகும்போது நிலையாற்றல் உச்சத்தில் இருப்பது போல. அதனால் பெயரிலேயே உச்சம் இருப்பது பொருத்தம்.

பழைய ஆசிரியன்:

மணற்கடிகை தம்பி, ஆற்றல் A²-ஐப் பொறுத்தது என்ற வரைக்கும் சரி. ஆனால் ஓடும் அலையின் முகட்டில் ஆற்றல் இல்லை. கம்பியில் நகத்தளவு துண்டு ஒன்றைக் கவனியுங்கள். முகட்டில் அது ஒரு கணம் நிற்கிறது, அதனால் இயக்க ஆற்றல் இல்லை. அங்கே கம்பி சாய்வில்லாமல் கிடக்கிறது, கூடுதலாக நீளவும் இல்லை, அதனால் நிலையாற்றலும் இல்லை. அதே துண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது வேகமும் அதிகம், சாய்வும் அதிகம். இரண்டு ஆற்றலும் அங்கேதான் சேர்ந்து உச்சம் தொடுகின்றன. ஊசலில் ஒன்று ஏற மற்றது இறங்கும். இங்கே சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. ஏனென்றால் துண்டு தன் ஆற்றலை அடுத்த துண்டுக்குக் கொடுத்துவிடுகிறது.

வர்க்கம் வருவதும் இதனால்தான். ஒரு துண்டு அடுத்ததைக் குறுக்காக இழுக்கும் விசை கம்பியின் சாய்வைப் பொறுத்தது, சாய்வு A-ஐப் பொறுத்தது. குறுக்கு வேகமும் A-ஐப் பொறுத்தது. விசையை வேகத்தால் பெருக்கினால் திறன், ஆகவே A இரண்டு முறை வருகிறது. மாணவி எடுத்த 2 மி.மீ.க்கு நடுக்கோட்டில் திறன் ஏறத்தாழ 0.2 வாட், முகட்டில் சுழி, சராசரி 0.1. சாய்வு சிறியதாக இருக்கும் வரைதான் இந்தக் கணக்கு செல்லும். 2 மீட்டர் அலைநீளத்துக்கு 2 மி.மீ. மிகச் சிறியது, கவலையில்லை.

நறுந்தந்தி அம்மா, உங்கள் தந்தியில் இருப்பது நிலை அலை. இரண்டு திசையிலும் சமமாக ஓடும் அலைகள் சேர்ந்தது, ஆகவே ஒரு பக்கமாகத் திறன் போவதில்லை. பொருநை எழுதிய வாய்பாட்டை அதில் அப்படியே போடக் கூடாது. ஆனால் பட்டையைச் சொன்னது நல்ல காரியம். அளவுகோல் வைத்தால் கிடைப்பது முழு அகலம், அதில் பாதிதான் A. செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் பாதியாக்க மறப்பது இங்கேதான்.

என் கருத்து: ‘வீச்சு’ இருக்கட்டும், முகடு முதல் அகடு வரையுள்ள தூரத்துக்குத்தான் பெயர் இல்லை. ‘முழுவீச்சு’ என்போம்.

வல்லை:

‘வேலை முழுவீச்சில் நடக்கிறது’ என்று நாளிதழில் தினமும் படிக்கிறோமே ஐயா. மாணவன் அதையும் ‘அதிகபட்ச வீச்சு’ என்றுதான் எடுத்துக்கொள்வான்.

நறுந்தந்தி:

வட்டத்துக்கு ஆரமும் விட்டமும் தனித்தனிச் சொற்களாக இருப்பதால் ஒருவரும் குழம்புவதில்லை. இதற்கும் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சொல் வேண்டும். என் ‘அதிர்வகலம்’ முழுத் தூரத்துக்கு இருக்கட்டும், பாதிக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருநை:

இப்போதைக்குப் பயிற்சித்தாளில் ‘நடுக்கோட்டிலிருந்து முகடு வரை 4 மி.மீ.’ என்று மாற்றி, படத்தில் அம்புக்குறி போட்டுவிட்டேன். ‘அதிர்வகலம்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அலைநீளத்தோடு சேர்த்துப் படிக்கும்போது நீளம், அகலம் என்று இரட்டைப்பிள்ளை போல ஆகிவிடுமோ என்ற தயக்கம். அலைவுகாட்டித் திரையில் முகடு முதல் அகடு வரையுள்ள மின்னழுத்தம் Vpp என்று வருவதற்கும் இதே சொல் பொருந்த வேண்டும். அங்கே அதிர்வது கம்பி இல்லை, மின்னழுத்தம். அதற்கு ‘அகலம்’ ஒத்துவருமா?