மழை நின்ற சாலையில் சிவப்புப் பெயர்ப்பலகை மஞ்சளாகிறது: எத்தனை கெல்வின் வைக்க வேண்டும்?

ஈரச்சாலை
அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு மழை விட்டதும் லிட்டில் இந்தியாவுக்குச் சென்று டன்லப் ஸ்திரீட்டில் படம் எடுத்தேன். நேரில் நல்ல சிவப்பாக இருந்த கடைப் பெயர்ப்பலகை படத்தில் மஞ்சளாக வந்துள்ளது, எழுத்துகளையும் படிக்க முடியவில்லை. சாலையில் விழுந்த பிரதிபலிப்பும் நேரில் கண்ட அளவுக்கு எடுப்பாக இல்லை. ஒயிட் பேலன்ஸில் எத்தனை கெல்வின் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்களைக் கொடுத்தாக வேண்டும்.

பொங்கோல் மாறன்
எந்தக் கேமரா, எந்த லென்ஸ், ராவா ஜேபெக்கா, ஷட்டர் வேகம் என்ன என்பதையெல்லாம் சொல்லாமல் கெல்வினை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? படத்தையாவது இணையுங்கள்.

ஒளிமானி
இதே கேள்வி இங்கு மழைக்காலம்தோறும் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் பாதிச் சந்தேகம் கேட்கும் முன்பே தீர்ந்துவிடும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டிருப்பீர்கள். அதை 3200 கெல்வினில் நிறுத்திவிட்டு எடுங்கள். அடிப்படைப் பாடம் இது.

தேக்கா செல்வி
எனக்கும் இதே தொல்லைதான். உணவங்காடிக் கடை ஒன்றின் விளக்குப் பலகையைக் கைப்பேசியில் காணொளி எடுத்தபோது கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. கெல்வினை மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

பொங்கோல் மாறன்
செல்வி அக்கா, உங்கள் சிக்கல் வேறு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பெரும்பாலும் பட்டைகள் அடங்கிவிடும். சில எல்இடி பலகைகள் தமக்கென்று வேறு வேகத்தில் துடிக்கும், அவற்றுக்கு மட்டும் சிறிது முன்பின் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஈரச்சாலை
படத்தை இணைத்துள்ளேன். 35 மி.மீ. லென்ஸ், f/2.8, 1/60, ஐஎஸ்ஓ 3200. ராவும் ஜேபெக்கும் சேர்ந்தே இருக்கின்றன. 3200 கெல்வினுக்கு மாற்றிப் பார்த்தேன். பலகை மஞ்சளாகவே நிற்கிறது, சாலை மட்டும் நீலமாகிவிட்டது. பிறகு சாலையின் வெள்ளைக் கோட்டில் வண்ண உறிஞ்சியை வைத்துச் சொடுக்கினேன், தெரு முழுவதும் பச்சைநீலமாக மாறியது.

கண்ணாடிக்கல்
இணைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடை படத்திலேயே இருக்கிறது. பலகை மஞ்சளாக இருக்கிறது, ஆனால் அதற்கு நேர் கீழே சாலையில் விழுந்திருக்கும் அதே பலகையின் பிரதிபலிப்பு நல்ல சிவப்பாக இருக்கிறது. ஈரத்தார் அந்தச் சிவப்பை மஞ்சளாகவோ மஞ்சளைச் சிவப்பாகவோ மாற்றுவதில்லை, ஒளியின் அளவைத்தான் குறைக்கிறது. ஒயிட் பேலன்ஸ் தவறியிருந்தால் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒன்று மட்டும் நிறம் மாறியிருப்பதால் இது ஒளியளவுச் சிக்கல். பலகை மிகையாகப் பதிவாகியிருக்கிறது.

சிவப்பு விளக்கின் ஒளியில் பெரும்பகுதி சென்சாரின் சிவப்புப் புள்ளிகளிலும் சிறு பகுதி பச்சைப் புள்ளிகளிலும் பதிகிறது. ஒளி கூடிக்கொண்டே போகும்போது சிவப்பு தன் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது, பச்சையோ தொடர்ந்து ஏறுகிறது. உச்சத்தில் நின்ற சிவப்போடு ஏறிவரும் பச்சை சேர்ந்தால் முதலில் ஆரஞ்சும் பிறகு மஞ்சளும் கிடைக்கும். உங்கள் படத்தில் எழுத்தின் நடுப்பகுதி மஞ்சளாகவும் அதைச் சுற்றியுள்ள மங்கிய ஒளிவட்டம் சிவப்பாகவும் இருப்பதைக் கவனியுங்கள், காரணம் இதுதான்.

கேமராவின் திரையில் இது எளிதில் தெரியாது. ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் பிரகாசத்தைக் கணக்கிடும்போது சிவப்புக்குக் குறைந்த எடையே தருவதால், சிவப்பு வழிந்த பிறகும் வளைவு பத்திரமாக நடுவில் நிற்பதுபோல் காட்டும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வளைவு வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை ஐஎஸ்ஓவை 800க்கு இறக்கி, அதாவது இரண்டு ஸ்டாப் குறைத்துத் தொடங்குங்கள்.

ஒளிமானி
நான் சொன்னதும் தவறில்லை. கெல்வினைக் குறைத்தால் சிவப்புக்குத் தரப்படும் பெருக்கம் குறையும், ஆகவே வழிவதும் குறையும்.

கண்ணாடிக்கல்
பாதி உண்மை, ஐயா. சென்சாரில் சிவப்பு இன்னும் வழியாமல், ஜேபெக்காக மாற்றும்போது மட்டும் வழிந்திருந்தால் கெல்வினைக் குறைத்து ராவிலிருந்து எழுத்துகளை மீட்கலாம். அவர் 3200இல் வைத்தும் எழுத்து மீளவில்லை என்கிறார், எனவே சென்சாரிலேயே நிரம்பிவிட்டதென்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் எழுத்து இனித் திரும்பாது.

வெள்ளைக் கோட்டைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கோடு சிவப்புப் பிரதிபலிப்பின் நடுவே கிடக்கிறது. அதை வெள்ளையாக்கச் சொன்னால் மென்பொருள் படம் முழுவதிலிருந்தும் சிவப்பைக் கழிக்கும், அதனால்தான் தெரு பச்சைநீலமானது. பலகையின் ஒளி எட்டாத, தெருவிளக்கு மட்டும் படும் சுண்ணாம்புச் சுவரில் சொடுக்குங்கள். அதில் கிடைக்கும் கெல்வினை எல்லாப் படங்களுக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டால், படத்துக்குப் படம் சாலையின் நிறம் மாறாது.

உட்லண்ட்ஸ் வேலன்
பிரதிபலிப்பைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் போலரைசர் இல்லாமல் ஆகாது. முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள்.

ஈரச்சாலை
போலரைசர் லென்ஸில்தான் இருந்தது. பகலில் எடுத்தபோது மாட்டியது.

பொங்கோல் மாறன்
இதைத்தான் தம்பி முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

உட்லண்ட்ஸ் வேலன்
அப்படியானால் அதைக் கழற்றிவிடுங்கள். போலரைசர் பிரதிபலிப்பை அழிப்பதற்கென்றே இருக்கும் கருவி.

கண்ணாடிக்கல்
இரண்டு நிமிடத்துக்குள் வாங்கவும் சொல்லிக் கழற்றவும் சொல்லிவிட்டீர்கள். அது எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். ஈரத்தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளியில் கிடைமட்டமாக அதிரும் பகுதியே மிகுதி. அதைத் தடுக்குமாறு திருப்பினால் பிரதிபலிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும். அங்கிருந்து கால் சுற்றுத் திருப்பினால் அந்தப் பகுதி முழுவதும் உள்ளே வரும், பலகையின் நேரொளி மட்டும் பாதியாகும். அப்போது பலகையோடு ஒப்பிடும்போது பிரதிபலிப்பு ஏறத்தாழ ஒரு ஸ்டாப் எழும்பும். இரவில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் ஒளியை இழப்பதுதான் அதற்கான விலை. மிகத் தாழ்வான கோணத்தில் பார்க்கும்போது இந்த வேறுபாடு சுருங்கிவிடும், அப்போது கழற்றிவைப்பதே நல்லது.

ஒளிமானி
இவ்வளவு சுற்றிவளைக்கத் தேவையில்லை. பலகைக்கு ஒரு படம், சாலைக்கு ஒரு படம் என்று முக்காலியில் வைத்து எடுத்து இணைத்துவிட்டால் முடிந்தது. நானெல்லாம் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

தேக்கா செல்வி
அப்படி இணைத்த படங்களில் சாலை பலகையைவிடப் பளிச்சென்று இருக்கும். பார்த்தவுடனே ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும்.

ஒளிமானி
கண் இரண்டையும் ஒருசேரத்தான் பார்க்கிறது, அக்கா. கேமராவால் முடியாததை நாம் ஈடுசெய்கிறோம், அவ்வளவுதான்.

பொங்கோல் மாறன்
ஈடுசெய்வது வேறு, அளவை மீறுவது வேறு. தண்ணீரில் தெரியும் விளக்கு மேலே எரியும் விளக்கைவிடப் பிரகாசமாக இருக்கவே முடியாது. செல்வி அக்காவின் கண்ணுக்கு உறுத்துவது அதுதான். அதோடு டன்லப் ஸ்திரீட்டில் இரவு பத்து மணிக்கும் ஆள் நடமாட்டம் ஓயாது. இரண்டு படங்களுக்கும் இடையே குடையோடு நகர்ந்தவர் இணைத்த படத்தில் பாதி உடலோடு நிற்பார்.

ஒளிமானி
நகர்ந்தவர்களை அழிக்கத் தெரியாதவர்களோடு நான் வாதிடவில்லை.

கண்ணாடிக்கல்
இணைப்பதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பலகை தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீங்கள் 12 மீட்டர் தள்ளிக் கண்மட்டத்தில், அதாவது 1.6 மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அசையாத நீர்ப்படலம் அந்தக் கோணத்தில் பலகையின் ஒளியில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். பலகைக்கும் பிரதிபலிப்புக்கும் இடையே மூன்றரை ஸ்டாப் இடைவெளி. எல்லோரும் சொல்வதுபோல் முழங்கால் அளவுக்குக் கேமராவை இறக்கினால் அது 13 விழுக்காடாகும், அவ்வளவே. ஆனால் நின்றபடியே 25 மீட்டருக்குப் பின்னால் சென்றால் 27 விழுக்காட்டை எட்டும், இடைவெளி இரண்டு ஸ்டாப்புக்குள் வந்துவிடும். அங்கே கேமராவையும் தாழ்த்தினால் 35 விழுக்காடு.

உங்கள் பலகை சுவரோடு ஒட்டாமல் தெருவின் குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பதால் தெருவின் நீளத்தில் பின்வாங்க இடமிருக்கிறது. 85 மி.மீ. லென்ஸ் இருந்தால் பலகை படத்தில் சிறுத்துப் போகாது. சொரசொரப்பான தாரில் பிரதிபலிப்பு நீண்ட கோடுகளாக உடையும், தேங்கிய நீரில் மட்டும் எழுத்து எழுத்தாகத் தெரியும். அந்த எழுத்து கூர்மையாக வேண்டுமென்றால் நீர்ப்பரப்பில் குவியம் வைக்காதீர்கள். கேமராவிலிருந்து நீர் வரையும் அங்கிருந்து பலகை வரையும் உள்ள மொத்தத் தொலைவுதான் அதன் குவியத் தொலைவு, ஆகவே பலகையின் மீதே குவியம் வைத்தால் போதும்.

உட்லண்ட்ஸ் வேலன்
25 மீட்டர் தள்ளிப் போனால் இடையில் லாரியும் சைக்கிளும் வந்து நிற்குமே.

கண்ணாடிக்கல்
நிற்கும். அவை நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஈரச்சாலை
இன்று மாலை மழை பெய்ததால் மீண்டும் சென்றேன். போலரைசரைக் கழற்றிவிட்டு, பின்வாங்கி, ஐஎஸ்ஓ 800இல் எடுத்தேன். சிவப்பு சிவப்பாகவே வந்தது, எழுத்துகளும் தெரிகின்றன. சாலையை ராவில் ஒரு ஸ்டாப் ஏற்றியதே போதுமானதாக இருந்தது. ஆனால் பக்கத்துக் கடையின் நீலப் பலகை தட்டையான ஊதாவாக வருகிறது. ஹிஸ்டோகிராமில் நீலம் சுவரில் முட்டவில்லை.

ஒளிமானி
இப்போதாவது 3200இல் நிறுத்துங்கள்.

கண்ணாடிக்கல்
3200 என்றால் நீலத்துக்குப் பெருக்கம் இன்னும் கூடும், அதைச் செய்ய வேண்டாம். எல்இடியின் ஆழ்நீலம் எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லைக்கு வெளியே விழுவதால், மாற்றும்போது ஊதாப் பக்கம் நழுவியிருக்கலாம் என்பது என் ஊகம். மென்பொருளில் கேமரா வண்ணப் பதிவை நடுநிலையான ஒன்றுக்கு மாற்றி, நீலத்தின் செறிவை மட்டும் இறக்கிப் பாருங்கள்.

பொங்கோல் மாறன்
எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பழைய கேமராவில் ஊதாவாக வந்த அதே பலகை, புதிய கேமராவில் அதே மென்பொருளில் நீலமாகவே வந்தது. சென்சாரின் வடிகட்டியிலும் ஏதோ இருக்கிறது. எந்தக் கேமரா என்று முதல் நாளே கேட்டேன், தம்பி இன்னும் சொல்லவில்லை.

தேக்கா செல்வி
ஞாயிற்றுக்கிழமை கடந்துவிட்டது. படங்களைக் கொடுத்துவிட்டாரா? அந்த நீலப் பலகையின் ரா கோப்பை இங்கே போட்டால் நாங்களும் திறந்து பார்ப்போம்.