48 மணிநேர அவகாசம் கொடுத்தும் முடிவு வரவில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். கல்லடியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு செயலியைத் தமிழாக்குகிறோம், மூவர் மட்டக்களப்பில், ஒருவர் டொரன்டோ, ஒருவர் மெல்பேர்ன். எந்தச் சொல்லை எடுப்பது என்று முடிவு செய்ய ஞாயிறு இரவு 8 மணிக்குக் கூட்டம் வைத்தால் இந்த ஜூலையில் டொரன்டோவில் காலை 10.30, மெல்பேர்னில் நள்ளிரவு 12.30. அந்தத் தங்கச்சி திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டியவர், அவரை விழித்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கூட்டத்தை விட்டுவிட்டு, வெள்ளி மாலை 6 முதல் ஞாயிறு மாலை 6 வரை எப்போது முடியுமோ அப்போது எழுத்தில் பதில் போடுங்கள் என்றேன். முதல் தடவை 'வெள்ளி மாலை' யாருடைய வெள்ளி என்றே குழப்பம், டொரன்டோ அண்ணாவுக்கு அது வருவதற்குள் இங்கே சனி அதிகாலை ஆகிவிடுகிறது. இப்போது இலங்கை நேரம் என்றே எழுதுகிறேன், அது சரியாகிவிட்டது.

ஆனால் எல்லோரும் கடைசி இரண்டு மணிநேரத்தில்தான் எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு சொல்லுக்கு ஞாயிறு 5.40க்கு மறுப்பு வந்தது, அப்போது மெல்பேர்னில் இரவு 10.10, அவர் தூங்கிவிட்டார், பதில் இல்லாமலே நேரம் முடிந்தது. நினைவூட்டல் அனுப்பியும் பலனில்லை.

அவகாசத்தை இரண்டாகப் பிரித்து, முதல் 24 மணிநேரம் கருத்துக்கு, அடுத்த 24 பதிலுக்கு மட்டும் என்று வைத்து நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இரண்டாம் பாதியில் வரும் புது மறுப்பை ஏற்பீர்களா, அடுத்த வாரத்துக்குத் தள்ளுவீர்களா?