டிக்கை நீக்கியும் இன்சூரன்ஸ் பணம் பிடித்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

சென்னை–மதுரை விமான டிக்கெட், ஆண்ட்ராய்டு செயலியில் இரண்டு பேருக்கு. முதலில் காட்டிய கட்டணம் ஆளுக்கு ரூ.3,199. பிடித்தது ரூ.7,496: இன்சூரன்ஸ் 398, கன்வீனியன்ஸ் ஃபீ 700 கூடுதல்.

இன்சூரன்ஸ் டிக்கை எடுத்துவிட்டேன். கூப்பன் போட்டதும் பக்கம் ரீலோட் ஆகி டிக் தானாகத் திரும்ப விழுகிறது. மூடிக்கிடக்கும் 'ஆட்-ஆன்ஸ்' பகுதியைத் திறந்தால்தான் தெரியும். ஃபீயோ கடைசிப் பக்கத்தில்தான் முளைக்கிறது. கார்டு, யுபிஐ எதுவானாலும் அதே தொகை, ஆக அது பேமென்ட் செலவே இல்லை.

கஸ்டமர் கேர் மறுத்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். 'வாடிக்கையாளர் சம்மதம் உண்டு' என்ற நிறுவனத்தின் பதிலோடு மூடிவிட்டார்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங், இன்வாய்ஸ் இருக்கின்றன.

வாங்குபவரை ஏமாற்றும் செயலி வடிவமைப்புகளைத் தடுக்கும் 2023 டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதலைக் காட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 398-ஐ மட்டும் கேட்பதா, 700-ஐயும் சேர்த்துக் கேட்கலாமா?