தீபாவளிக்குக் கடலை மாவு எவ்வளவு எடுப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்குக் கிலோ 90 ரூபாய் என்று 100 கிலோ கடலை மாவு மொத்தமாக எடுத்தேன். 62 கிலோதான் போனது. மீதி 38 கிலோவில் 3,420 ரூபாய் முடங்கியது. கார்த்திகைக்குப் பொரியும் வெல்லமும் வாங்கக் கையில் காசு இல்லை. அதற்குள் மாவில் வண்டு வேறு.

நோட்டைப் புரட்டினால், அந்த 62 கிலோவில் 45 கிலோ கடைசி எட்டு நாளில்தான் விற்றிருக்கிறது. போனஸ் வந்த பிறகுதானே முறுக்குக்கும் லட்டுக்கும் சாமான் வாங்குகிறார்கள்! ஒரு மாதம் முன்பே அடுக்கியது என் அவசரம்.

இந்த முறை முதலில் 20 கிலோ மாவு. பத்து நாள் இருக்கும்போது இன்னொரு 30 கிலோ. மேலே தேவைப்பட்டால் கடலைப் பருப்பை மில்லில் அரைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. பருப்பு மீந்தாலும் சாம்பாருக்கும் வடைக்கும் போய்விடும், மாவு அப்படியில்லை. ஆனால் பண்டிகை வாரத்தில் மில்லில் கூட்டம் நெரியும்.

அப்புறம் இன்னொன்று. மண்டியில் ரொக்கம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 15 நாள் கடன் என்கிறார்கள். 50 கிலோவுக்கு அந்தத் தள்ளுபடி 90 ரூபாய்தான். கடனில் எடுத்து, கையிலுள்ள காசை எண்ணெய்க்குப் போடலாமா? பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுப்பார்களா என்று முன்கூட்டியே பேசி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?