பின்னால் ஜன்னல், முன்னால் மானிட்டர்: மேட் திரை வாங்கினால் தீருமா?

கணக்குப்பிள்ளை: கோத்தகிரியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல், வெளியே தேயிலைச் சரிவு. என் பளபள மானிட்டரில் எக்செல்லை விட ஜன்னல்தான் நன்றாகத் தெரிகிறது. சொரசொரப்பான மேட் திரை வெளிச்சத்தை உறிஞ்சிவிடும் என்கிறார் கடைக்காரர். புதுசு வாங்கவா, ஆன்டி-கிளேர் ஷீட் ஒட்டினால் போதுமா? மேசையை நகர்த்த இடமில்லை.

பழைய_லென்ஸ்: உறிஞ்சுமாம்! மேட் என்ன பஞ்சா? அது வெளிச்சத்தைக் குறைக்காது, பரப்பும். ஜன்னல் உருவம் கலைந்து வெளிறிய படலமாகத் திரையில் படரும், அவ்வளவுதான். முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன் சொல்கிறேன்.

மேட்_பக்தன்: ஆறு வருஷமாக மேட் லேப்டாப்தான் வைத்திருக்கிறேன். ஜன்னல் அதில் தெரிவதே இல்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் குறைந்தது என்றுதானே அர்த்தம்?

பழைய_லென்ஸ்: குறையவில்லை, பரவியிருக்கிறது. கணக்கு கேட்டவர் கணக்குப்பிள்ளை, அதனால் கணக்காகவே சொல்கிறேன். மூட்டம் போட்ட வானத்தின் பிரகாசம் 3000 நிட் என்று வையுங்கள், நிட் என்பது பிரகாசத்தின் அலகு. வெறும் கண்ணாடி அதில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அது 120. திரையின் வெள்ளை 250 நிட். கருப்பு எழுத்தின் மேலும் அந்த 120 ஏறும், வெள்ளையின் மேலும் ஏறும். 370-க்கு 120, அதாவது மூன்று மடங்குதான் வித்தியாசம். கண் வலிக்காமல் என்ன செய்யும்? பிரதிபலிப்பைத் தடுக்கும் நல்ல ஏ.ஆர். கோட்டிங் இருந்தால் திரும்புவது 1 சதவீதம், 30 நிட்தான். அதற்குப் பெயர்தான் குறைப்பது. மூக்குக்கண்ணாடியில் பச்சையாக மினுங்குமே, அந்தச் சாதி.

மேட்_பக்தன்: ஜன்னல் விழுகிற இடத்தில் மேட் திரையில் 120 இருக்காதே. அந்த இடத்தில் குறைந்துதானே போச்சு?

பழைய_லென்ஸ்: பக்கத்து இடத்தில் ஏறிப்போச்சே! சின்ன பல்பு என்றால் பரப்பினால் தப்பிக்கலாம். இவருக்கு ஜன்னலே திரையை விடப் பெரிசு. எங்கே கொண்டுபோய்ப் பரப்புவது? பரப்பும், குறைக்காது. இன்வெர்ட்டர் திரியிலும் இப்படித்தான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை நீர்.

மேட்_பக்தன்: இன்வெர்ட்டரில் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கொடை_வாசி: ஜன்னல் பின்னால் இருந்தால் வீடியோ காலில் முகம் கருப்பாகத்தான் தெரியும். எனக்கும் இதே தொல்லை, முன்னால் ஒரு விளக்கு வைத்தேன். அப்புறம் கோத்தகிரியில் என்ன பெரிய வெளிச்சம்? கொடைக்கானல் மாதிரி மூட்டம் வந்தால் தானாக மங்கிவிடும்.

பழைய_லென்ஸ்: அவர் முகத்தைப் பற்றியா கேட்டார்? மூட்டம் வந்தால்தான் மோசம். வெயில் நாளில் ஜன்னலின் கீழ்ப்பாதி தேயிலைச் செடி, அடர்பச்சை, அதிகம் திருப்பாது. மூட்டம் ஏறினால் ஜன்னல் முழுக்க வெள்ளை.

கொடை_வாசி: எங்கள் ஊர் மூட்டத்தைப் பார்க்காதவர் பேசுகிறார்.

தையல்கடை_அக்கா: தடித்த திரைச்சீலை போட்டால் முடிந்தது. மெல்லிய வெள்ளைத் துணி வேண்டாம், வெயில் பட்டால் அதுவே விளக்கு மாதிரி எரியும்.

கொடை_வாசி: இந்த ஈரத்தில் தடித்த துணி ரெண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும் அக்கா.

தையல்கடை_அக்கா: வாரம் ஒருநாள் வெயிலில் போடுங்க. சோம்பேறித்தனத்துக்குத் துணியைக் குறை சொல்லாதீங்க.

பழைய_லென்ஸ்: கணக்குப்பிள்ளை, திரையை அணைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கருப்புத் திரையில் எது தெரிகிறதோ அதுதான் எதிரி. திரையின் மேல்விளிம்பை உங்கள் பக்கம் சாய்த்து வையுங்கள். 5 டிகிரி சாய்த்தால் திரையில் பட்டுத் திரும்பும் பார்வை 10 டிகிரி கீழே இறங்கும். கடையில் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள்: புள்ளி கூர்மையாக, ஆனால் மங்கலாக, ஊதாவோ பச்சையோ கலந்து தெரிந்தால் ஏ.ஆர். கோட்டிங் இருக்கிறது. பஞ்சு மாதிரி விரிந்தால் மேட். ஷீட் மட்டும் ஒட்டாதீர்கள். பிக்ஸலுக்கும் அதன் சொரசொரப்புக்கும் நடுவே இடைவெளி விழும், சின்ன எண்கள் பொடி மினுக்கலோடு கலங்கும்.

கணக்குப்பிள்ளை: சாய்த்துப் பார்த்தேன். என் ஸ்டாண்ட் 5 டிகிரிக்கு மேல் வளையவில்லை. இப்போது நடுவில் என் ஸ்வெட்டரும் ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரும்தான் தெரிகின்றன. மேல் ஓரத்தில் மட்டும் நாலு விரல் அளவு ஜன்னலின் அடிப்பாகம். காலையில் அது தேயிலையாக இருந்தது, தொந்தரவில்லை. மூன்று மணிக்கு மூட்டம் ஏறியதும் அந்தப் பட்டை வெளுத்துவிட்டது, ரிப்பன் பட்டன்கள் தெரியவில்லை.

பழைய_லென்ஸ்: பார்த்தீர்களா கொடை_வாசி?

கொடை_வாசி: அது கோத்தகிரி மூட்டம்.

மேட்_பக்தன்: மேட் இருந்திருந்தால் அந்தப் பட்டையும் குறைந்திருக்கும்.

பழைய_லென்ஸ்: பரவியிருக்கும்.

மேட்_பக்தன்: குறைந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை: அக்கா, ஐந்தடிக்கு நாலடி ஜன்னலுக்குத் துணி எத்தனை மீட்டர் ஆகும்?