புதுப்பிப்பு: ஒரே அறை, ஒரு திரை

போன மாதம் நான் கேட்டது: "மகளுக்கு 12 வயசு, பத்தரை வரை படிப்பாள். மகனுக்கு 4, எட்டரைக்குத் தூங்கணும். அறை ஒன்றுதான். என்ன செய்யலாம்?"

அலமாரியை நடுவில் நிறுத்தச் சொன்னவர் பாதி சரி. வெளிச்சம் மறைந்தது, கூடவே ஜன்னல் காற்றும் நின்றது. தக்கலைப் புழுக்கத்தில் பையன் வியர்த்து நனைந்து எழுந்தான். மூன்றாம் நாள் இழுப்பறைகளைப் படியாக்கி ஏறிக்கொண்டிருந்தான்!

ஆசாரி பார்த்துப் பதறிவிட்டார். "முதல்ல இத சுவரோட சேத்து முடுக்கணும், கேட்டியளா." அடுக்குக் கட்டிலும் வேண்டாம் என்றார்: மேல்தட்டில் மகளே படுத்தாலும் சின்னவன் ஏணியை விடமாட்டான், ஃபேனும் பக்கம்.

இப்போது கம்பியில் அடர்நிறத் திரை. மேலே இரண்டடி திறந்திருப்பதால் ஃபேன் காற்று இரண்டு பக்கமும் போகிறது. மகளின் மேசை சுவரைப் பார்த்து, விளக்கு திரையின் உயரத்துக்குக் கீழே, மஞ்சள் பல்பு. மகன் தலையணையில் நானே படுத்துப் பார்த்தேன். பல்பு கண்ணில் பட்டது, விளக்கின் தலையைத் தாழ்த்தித் திருப்பினேன். மறுநாளிலிருந்து ஒன்பதுக்குள் தூங்கிவிடுகிறான்.

பிளைவுட் தடுப்புக்கு விலை அனுப்பியவருக்கும் நன்றி.

மகளுக்கு இன்னும் குறைதான். திரைக்குக் கதவு இல்லையே, தம்பி நினைத்தபோதெல்லாம் நுழைகிறான்.