நைட் ஷிஃப்டுக்குப் போக முடியவில்லை, ஆள் தேடுவது யார் வேலை?

பட்டர்வொர்த்_மலர்: தனியார் மருத்துவமனை, மெடிக்கல் வார்டு. இன்று 9 மணிக்கு எனக்கு நைட். மதியத்திலிருந்து வாந்தி, பேதி. கூட வேலை செய்யும் அக்காவிடம் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டேன், சரி என்றார். வார்டு பொறுப்பு சிஸ்டரிடம் இனி என்ன சொல்வது?

ராஜன்77: டாக்டரிடம் எம்.சி. எடுத்தால் போதும். ஆள் தேடுவது சிஸ்டர் வேலை, உங்கள் வேலை இல்லை. எம்.சி. பற்றித் தகவல் சொல்ல சட்டமே 48 மணி நேரம் தருகிறது.

வார்டு_அக்கா: ராஜன், அந்த 48 மணி நேரம் சம்பளம் வெட்டாமல் இருப்பதற்கு. இன்றிரவு வார்டை அது பார்த்துக்கொள்ளாது. பி.எம். ஆட்கள் 9 மணிக்கு நோயாளிகளை ஒப்படைத்துப் பாஸ் ஓவர் கொடுக்க ஆளில்லாமல் நின்றால் அவர்கள்தான் மாட்டுவார்கள். மலர், அந்த அக்காவுக்கு நாளைக்கு என்ன ஷிஃப்ட்?

பட்டர்வொர்த்_மலர்: ஏ.எம். அக்கா. இன்றும் ஏ.எம். முடித்துவிட்டுத்தான் போனார்.

வார்டு_அக்கா: இங்கேதான் இடிக்கிறது. இன்று காலை 7 முதல் 2 வரை நின்றவர், 9 மணிக்குத் திரும்பி வந்து விடிய விடிய இருந்து, 7 மணிக்கு அப்படியே ஏ.எம். தொடங்க முடியுமா? நாளை ஏ.எம்.முக்கு இன்னொருவர் வேண்டும். பேதியோடு நீங்கள் அதை எடுக்கவும் கூடாது, வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வார்டுப் பக்கம் வராதீர்கள். அதனால் இது ஷிஃப்ட் மாற்றம் இல்லை, எம்.சி.தான். சிஸ்டருக்கு இப்போதே போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் வார்டு நம்பருக்கு அடித்து பி.எம். இன்சார்ஜிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப் அதற்கு அப்புறம்:

"சிஸ்டர், இன்று நைட் வர முடியவில்லை, மதியத்திலிருந்து வாந்தி, பேதி. கிளினிக் போகிறேன், எம்.சி. கிடைத்ததும் படம் அனுப்புகிறேன். ஏ.எம். முடித்த அக்கா வரத் தயார், ஆனால் அவருக்கு நாளையும் ஏ.எம். நீங்கள் முடிவு சொல்லுங்கள்."

குரூப்பில் மட்டும் போட்டுவிட்டுப் படுத்துவிடாதீர்கள். சிஸ்டர் ரோஸ்டரில் திருத்தும்வரை பெயர் உங்களுடையதுதான்.

கேஎல்_சுதா: எனக்கும் தீபாவளிக்கு மாற்றிக் கொடுக்க ஒருத்தி சம்மதித்துவிட்டுக் கடைசி நேரத்தில் காலை வாரினாள். யாரையும் நம்பாதீர்கள்!

வார்டு_அக்கா: சுதா, அது லீவு கதை லா. இவள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ராஜன்77: சரி, போன் செய்யட்டும். ஆனால் உடம்பு முடியாதவளையே ஆள் தேட வைப்பது நியாயமா? என் தங்கை காய்ச்சலில் ஐந்தாறு பேருக்கு போன் செய்தாள், எல்லாரும் "முடியாது".

வார்டு_அக்கா: நியாயம் இல்லைதான். ஆள் குறைவான வார்டில் சிஸ்டர்களுக்கே வேறு வழி தெரிவதில்லை. ஆனாலும் தெரிந்த ஒரு பெயரைச் சொல்வது உதவி, சொல்லியே ஆக வேண்டும் என்றால் அது வேறு.

பட்டர்வொர்த்_மலர்: போன் செய்தேன். முதலில் "ஆள் பார்த்துக் கொடு" என்றார், அக்காவின் நாளைய ஏ.எம்.மைச் சொன்னதும் பக்கத்து வார்டில் கேட்கிறேன் என்றார். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அக்காவிடம் வர வேண்டாம் என்று நான் சொல்லவா, சிஸ்டர் சொல்வாரா?

வார்டு_அக்கா: நீங்களே சொல்லுங்கள், இப்போதே. பாவம், நைட்டுக்காகத் தூங்க முயன்றுகொண்டிருப்பார்.